சுருக்கம் இல்லை, ஆனாலும் முகம் விழுந்துவிட்டது

கேள்வி: எனக்கு 57 வயது. குடியாத்தத்தில் இருக்கிறேன். முகத்தில் சுருக்கம் அதிகம் இல்லை. ஆனால் நான்கைந்து வருடமாக முகமே மாறிப்போய்விட்டது. கன்னம் ஒட்டிவிட்டது, வாய் உள்ளே போய்விட்டது, மோவாய் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. 2009-இல் சிரசுத் திருவிழாவில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரம்மா, உன் தங்கையா?" என்று பேத்தி கேட்கிறாள். 2012-இல் ஈறு வியாதியால் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டார்கள். அப்போது கட்டிய பல்செட்தான் இன்னும் போட்டிருக்கிறேன். சர்க்கரைக்காக எட்டு மாதத்தில் 12 கிலோ குறைத்தேன். நெய் சாப்பிட்டால் கன்னம் வருமா? அழகு நிலையத்தில் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா? என் மகளுக்கு 31 வயது. அவளுக்கும் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அம்மா, நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலூரில் முகம், தாடை அறுவை சிகிச்சை செய்து வருபவன் என்ற முறையில், உங்கள் தோலைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அது தன் வயதுக்கு நன்றாகவே இருக்கிறது. மாறியிருப்பது தோலுக்கு அடியில் அதைத் தாங்கி நிற்கும் எலும்பும், இரண்டுக்கும் நடுவில் மெத்தைபோல் இருக்கும் கொழுப்பும்தான். பந்தற்கால் குட்டையாகிவிட்டால் மேலே கட்டிய துணி புதிதாகவே இருந்தாலும் தொங்கத்தான் செய்யும். துணியை எவ்வளவு துவைத்து இஸ்திரி போட்டாலும் பந்தல் நிமிராது. முகத்தில் பூசும் எந்தக் களிம்பும் உங்கள் குறைக்கு உதவாததற்குக் காரணம் அதுவே.

வயதாகும்போது முக எலும்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. கண்குழியின் விளிம்பு சில மூலைகளில் மட்டும் பின்வாங்கி, குழி அகலமாகிறது. குறிப்பாக வெளிப்பக்கக் கீழ்மூலையும் உள்பக்க மேல்மூலையும். மூக்கின் இரு பக்கமும் உள்ள மேல்தாடை எலும்பு பின்னோக்கிச் சரிவதால், அதன்மேல் சாய்ந்திருக்கும் மூக்கடியும் மேலுதடும் பிடிமானம் இழக்கின்றன; மூக்கு நுனி சற்றுத் தாழ்ந்து, மூக்கே நீண்டுவிட்டதுபோல் தெரிகிறது. கீழ்த்தாடையின் உயரம் குறைகிறது, காதுக்குக் கீழே இருக்கும் தாடைக்கோணம் விரிகிறது. இவை யாவும் எல்லோருக்கும் மெதுவாக, பல பத்தாண்டுகளில் நடப்பவை. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் உடம்பெங்கும் எலும்பு இழப்பு வேகம் எடுக்கிறது. தாடை அதற்கு விலக்கு இல்லை.

கொழுப்பின் கதை கொஞ்சம் வேறு. கன்னத்துக் கொழுப்பு ஒரே பாளமாக இருப்பதாகத்தான் நாங்களும் படிக்கும் காலத்தில் எண்ணிக்கொண்டிருந்தோம். அது தனித்தனிப் பைகளாக, மெல்லிய சவ்வுச் சுவர்களால் பிரிந்து, தோலுக்குச் சற்றுக் கீழே ஓர் அடுக்காகவும் எலும்பை ஒட்டி இன்னோர் அடுக்காகவும் இருக்கிறது என்று, இறந்த உடல்களில் சாயம் செலுத்திப் பார்த்த அமெரிக்க மருத்துவர்கள் 2007-இலும் 2008-இலும் காட்டினார்கள். வயதில் முதலில் வற்றுவது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழ்ந்த அடுக்கு. அடியில் இருந்த மெத்தை வற்றியதும் மேலடுக்கு முட்டுக்கொடுக்க ஆளின்றி மடிந்து நிற்கிறது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடி வரை இறங்கும் கோடு ஆழமாவது அப்படித்தான். அதே 2007-இல் வால் லாம்ப்ரோஸ் என்ற மருத்துவர், ஒரே ஆளின் இளவயதுப் படத்தையும் பல ஆண்டுகள் கழித்து எடுத்த படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே இருந்த மச்சங்களும் கோடுகளும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆகவே நாம் "கன்னம் இறங்கிவிட்டது" என்று சொல்வதில் பெரும்பங்கு இறக்கம் அல்ல, வற்றல். உங்கள் 2009-ஆம் ஆண்டுப் படத்தில் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் தெரிகிறது. இப்போதைய படத்திலும் அது கண்ணிமையிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில்தான் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது வயதின் பொதுவான வேலை. ஐம்பத்தேழு வயதில் அதனால் மட்டும் இவ்வளவு மாற்றம் வந்திருக்காது. உங்கள் முகத்தின் கீழ்ப்பாதியை மாற்றியது பல் போனதும், அதன்பின் வந்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான பழைய பல்செட்டும்தான் என்பது என் கணிப்பு. எனவே அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

தாடை எலும்பில் இரண்டு பகுதிகள் உண்டு. அடியில் இருப்பது உடம்பின் மற்ற எலும்புகளைப் போன்ற கட்டை எலும்பு. அதற்குமேல் பற்களின் வேரைச் சுற்றி வளர்ந்திருப்பது பல்குழி எலும்பு. அது பல்லோடு வருகிறது, பல்லோடு போகிறது. வேருக்கும் குழிக்கும் இடையில் நுண்ணிய நார்கள் கட்டியிருக்கின்றன. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அந்த நார்கள் எலும்பைச் சிறிது இழுக்கின்றன, அந்த இழுப்புதான் எலும்பைப் புதுப்பிக்கச் சொல்லும் செய்தி. பல்லைப் பிடுங்கிய அன்றே அந்தச் செய்தி நின்றுபோகிறது. 2003-இல் வெளியான ஒரு டேனிஷ் ஆய்வில், ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்த இடத்தில் எலும்பின் அகலம் ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்தக் குறைவிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே நடந்துவிட்டது.

பல்செட் அந்த இடத்தை நிரப்புகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கண்ணுக்கு நிரப்புகிறது, எலும்புக்கு அது இழுப்பைத் தருவதில்லை, ஈறின் வழியாக அழுத்தத்தைத்தான் தருகிறது. எலும்பு இழுத்தால் வளரும், தொடர்ந்து அழுத்தினால் கரையும். முழுப் பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து டால்கிரென் என்பவர் 1972-இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. எலும்பு தேய்வது முதல் ஆண்டோடு நின்றுவிடவில்லை, மெதுவாகத் தொடர்ந்துகொண்டே இருந்தது. கீழ்த்தாடை இழந்த உயரம் மேல்தாடை இழந்ததைப் போல் சுமார் நான்கு மடங்கு.

இங்கேதான் உங்கள் மோவாய்க்கான விடை இருக்கிறது. மேல்தாடை எலும்பு மேல்நோக்கியும் உட்பக்கமாகவும் தேய்கிறது. கீழ்த்தாடை கீழ்நோக்கியும் வெளிப்பக்கமாகவும் தேய்கிறது. மேல்வரிசை சுருங்கி உள்ளே போக, கீழ்வரிசை அகன்று வெளியே வர, உதடு உள்ளே மடங்குகிறது, மோவாய் முன்னே வந்ததுபோல் தோன்றுகிறது. அதோடு இரண்டு தாடைக்கும் இடையே இருந்த உயரம் குறைந்ததால், வாயை மூடும்போது கீழ்த்தாடை தேவைக்கு அதிகமாக மேலேறி, சுழன்று முன்னால் வருகிறது. கிராமத்துப் பாட்டிகளின் பொக்கை வாயில் மூக்கும் மோவாயும் சந்தித்துக்கொள்ளப் போவதுபோல் இருக்குமே, அது இந்த மாற்றத்தின் கடைசிக் கட்டம். நீங்கள் அதன் பாதி வழியில் இருக்கிறீர்கள்.

என் கணிப்பு சரியா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். மூக்கு நுனியில் ஒரு புள்ளியும் மோவாயில் ஒரு புள்ளியும் பேனாவால் வைத்துக்கொள்ளுங்கள். பல்செட் போட்டபடி நிமிர்ந்து உட்கார்ந்து, எச்சில் விழுங்கிவிட்டு "அம்மா" என்று நிதானமாகச் சொல்லி, உதடுகள் லேசாகத் தொட்ட நிலையிலேயே விட்டுவிடுங்கள். பற்களைக் கடிக்க வேண்டாம். அந்த நிலையில் இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை உங்கள் மகள் அளவுகோலால் அளக்கட்டும். பிறகு பல்லை முழுதாகக் கடித்து மூடச் சொல்லி மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 2 முதல் 4 மில்லிமீட்டர் இருப்பது இயல்பு. அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பல்செட்டின் உயரம் போதவில்லை என்று பொருள். ஒரே முறை அளந்து முடிவு செய்துவிடாதீர்கள். தலை சற்றுச் சாய்ந்தாலே அளவு மாறிவிடும், ஆகவே மூன்று முறை அளந்து நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையை நாங்கள் மருத்துவமனையில் செய்வோம். பல்செட்டின் முன்பகுதிக்கும் மேலுதட்டுக்கும் இடையில் சிறிய பஞ்சு உருளைகளை வைத்து, உதடு முன்னே வருகிறதா, மூக்கோரக் கோடு ஆழம் குறைகிறதா என்று கண்ணாடியில் காட்டுவோம். குறைந்தால் அந்த அளவுக்குக் குறை பல்வரிசையில் இருக்கிறது, ஊசி தேவையில்லை. குறையாவிட்டால் குறை இன்னும் மேலே, கன்னத்தில் இருக்கிறது.

போன ஆண்டு இராணிப்பேட்டைப் பக்கமிருந்து 62 வயதுள்ள ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். உங்களைப் போலவே அவருக்கும் பல்செட் பதினைந்து ஆண்டுப் பழசு. அவர் வந்தது அழகுக்காக அல்ல. வாய்க்கோடி இரண்டும் வெடித்துப் புண்ணாகி, களிம்பு போட்டுப் போட்டு ஆறாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. உயரம் குறைந்தவர்களுக்கு வாய்க்கோடியில் தோல் மடிந்து, எச்சில் தேங்கி, பூஞ்சை பிடிப்பது வழக்கம். அதுவே ஓர் அறிகுறி. அளந்து பார்த்தபோது தளர்ந்த நிலையில் 66 மில்லிமீட்டர், கடித்த நிலையில் 55. பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம். இயல்பாக 3 விட்டால்கூட 8 மில்லிமீட்டர் உயரத்தை அவர் இழந்திருந்தார்.

அந்த எட்டையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் அடுத்த வாரமே பல்செட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருப்பார். பல ஆண்டுகளாகக் குறைந்த உயரத்துக்குப் பழகிய தாடைத்தசையும் காதுக்கு முன்னால் உள்ள மூட்டும் திடீர் மாற்றத்தை ஏற்பதில்லை. வலிக்கும், பேசும்போது பல்லோடு பல் இடித்துச் சத்தம் வரும். ஆகவே பழைய செட்டின் கடைவாய்ப் பல்மேல் அக்ரிலிக் சேர்த்து முதலில் 4 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தினோம். ஆறு வாரம் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பேசிப் பழகினார். வலி இல்லை என்று உறுதியானபின் மீதியையும் அப்படியே சேர்த்து, இன்னொரு ஆறு வாரம் பொறுத்து, அந்த உயரத்துக்குப் புதிய செட் கட்டினோம். புதிய செட்டில் மேல் முன்பற்களை, தேய்ந்துபோன எலும்பின்மேல் வரிசையாக நிறுத்தாமல், பல் இருந்த காலத்துப் படத்தைப் பார்த்து அவை இருந்த இடத்துக்கே முன்னால் கொண்டுவந்தோம். பல்செட் கட்டுவோரில் பலர் இன்றும் செய்யும் தவறு இங்கேதான்: எலும்பு எங்கே இருக்கிறதோ அங்கே பல்லை வைப்பது எளிது, செட்டும் ஆடாமல் நிற்கும்; ஆனால் உதடு உள்ளேயே கிடக்கும்.

வாய்ப்புண் முதல் ஆறு வாரத்துக்குள் ஆறிவிட்டது. முகமும் மாறியது. கன்னத்தின் கீழ்ப்பகுதி நிமிர்ந்தது, மோவாய் பின்வாங்கியது, மேலுதடு மீண்டும் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளமும் நெற்றிப்பொட்டில் இருந்த குழிவும் அப்படியே இருந்தன; பல்செட்டால் அங்கே எதுவும் செய்ய முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். அவருக்கும் அதில் குறையில்லை.

பல்செட் மாற்றுவது முகத்தைத் திருப்பும், எலும்புத் தேய்வை நிறுத்தாது. அதை உண்மையிலேயே மெதுவாக்கக்கூடியது, கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு டைட்டானியம் பல்வேர்களைப் பதித்து, கீழ்ச்செட்டை அவற்றின்மேல் பட்டன்போல் மாட்டுவது. இம்ப்ளாண்ட் என்று எல்லோரும் சொல்வது இதுதான். பதித்த இடத்தில் எலும்புக்கு மறுபடியும் சுமையின் செய்தி கிடைப்பதால், சுற்றியுள்ள எலும்பு பெருமளவு நிலைத்துவிடுகிறது. ஆடாத கீழ்ச்செட் கிடைப்பது கூடுதல் லாபம். சர்க்கரை இருப்பது தடையல்ல. கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் தடை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 7-ஐ ஒட்டி இருந்தால் தயங்காமல் செய்யலாம். 9-க்கு மேல் இருந்தால் நானே தள்ளிப்போடச் சொல்வேன், ஏனெனில் புண் ஆறுவதும் எலும்பு பிடிப்பதும் அதைப் பொறுத்தது. எலும்புத் தேய்மானத்துக்காக வாரம் ஒரு மாத்திரையோ ஆண்டுக்கு ஓர் ஊசியோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், அதைத் தாடையில் கை வைக்கும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரிதாக என்றாலும், அந்த மருந்துகளை எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்து நிற்பது உண்டு. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. இடுப்பெலும்பு உடைவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இம்ப்ளாண்ட் வேண்டாம் என்றாலும் ஒன்றை இன்றே செய்யலாம். இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் இரவும் பகலும் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஈறுக்கும் எலும்புக்கும் அந்த எட்டு மணிநேர ஓய்வு தேவை.

இப்போது எடையைப் பற்றி. எட்டு மாதத்தில் 12 கிலோ என்பது மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. சர்க்கரைக்கு அது நல்லது, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் முகக்கொழுப்பு குறையும்போது தோல் பின்தொடர்ந்து சுருங்குவதில்லை, இளவயதில் சுருங்கும். ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாற்பது வயதுக்குக் கீழே பருமனான இரட்டையர் மூத்தவராகத் தெரிந்தார். நாற்பதைத் தாண்டியபின் அதே பருமன் அவரை இளையவராகக் காட்டியது. நெய் சாப்பிட்டால் கன்னம் வருமா என்ற கேள்விக்கு இதிலிருந்து "வரும்" என்று விடை சொல்லிவிடத் தோன்றும். வராது. கூடும் கொழுப்பு எங்கே போக வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. உங்கள் வயதில் அது முதலில் வயிற்றுக்குத்தான் போகும், கன்னத்தின் ஆழ்ந்த அடுக்கைத் தேடிக்கொண்டு போகாது, சர்க்கரை மட்டும் ஏறிவிடும். குறைத்த எடையைத் திருப்பி ஏற்றாதீர்கள். இனிமேல் குறைப்பதாக இருந்தால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

எடை குறைந்ததில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்பதுதான் எனக்குக் கவலை. ஆடும் பல்செட்டோடு இருப்பவர்கள் மெல்ல முடியாததால் குழைந்த சோறு, கஞ்சி, ரசம் என்று மாறிவிடுவார்கள். மாவுச்சத்து ஏறும், புரதம் இறங்கும். மெல்லாத வாயில் தாடைத்தசையும் நெற்றிப்பொட்டை நிரப்பும் தசையும் மெலிகின்றன. பல் இல்லாதவர்களின் தாடைத்தசை பல் உள்ளவர்களுடையதைவிட மெலிந்திருப்பது ஸ்கேனிலேயே தெரியும். உங்கள் நெற்றிப்பொட்டுக் குழிவில் அதன் பங்கும் இருக்கலாம். அறுபது கிலோ எடையுள்ளவர் நாளுக்கு ஏறக்குறைய அறுபது கிராம் புரதம் எடுக்க வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம் கிடைக்கும். பருப்பு, சுண்டல், தயிர், மீன் என்று மூன்று வேளையிலும் பிரித்து வைத்துக்கொண்டால்தான் மீதி கணக்கு வரும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் இந்த அளவைச் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வையுங்கள்.

கால்சியத்துக்கு நம் பக்கத்தில் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் தேவை. ஒரு வேளை கேழ்வரகுக் களியும் இரண்டு தம்ளர் பாலோ தயிரோ சேர்ந்தால் பாதியைத் தாண்டிவிடும். களி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், மெல்லத் தேவையில்லை என்பதால் பல் போனவர்கள் விரும்புவது எனக்குத் தெரியும். சர்க்கரைக்காரர் அளவைக் குறைத்து, கீரையோடோ பருப்போடோ சாப்பிடுவது நல்லது. வேலூர் வெயிலுக்குக் குறைவில்லை. இருந்தும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு முறை இரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் உடம்பின் எலும்புக்கானவை. களி தின்றதால் போன தாடை திரும்ப வளராது. இருப்பது தேவையின்றி வேகமாகப் போகாமல் இருக்கும், அவ்வளவுதான்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளவே கூடாது. ஃபில்லர் என்பது பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலக் கூழ். தெரிந்த கையால், எலும்பை ஒட்டி வைத்தால் வற்றிய ஆழ்ந்த அடுக்கை நிரப்பும். சில மாதங்களிலிருந்து ஓராண்டு, சில இடங்களில் அதற்கு மேலும் நிற்கும், பிறகு கரையும். ஆனால் மூக்கோரத்திலும் புருவ நடுவிலும் ஓடும் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்திருக்கின்றன. கூழ் தவறி அதற்குள் போனால் தோல் கருகலாம், பார்வை போய்விடலாம். கூழைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடைப்பின் முதல் அறிகுறியான தோல் வெளுப்பை அந்த நிமிடமே கண்டுபிடிக்கத் தெரிந்த மருத்துவர் மட்டுமே அதைச் செய்யலாம். உங்கள் விஷயத்தில் நான் அதை இப்போதைக்கு ஒத்திவைப்பேன். பல்செட்டின் உயரம் மாறினால் கன்னமும் உதடும் மாறும். அதற்கு முன்பே போட்ட கூழ் பிறகு தவறான இடத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். முதலில் பல்செட், பிறகு எடை ஆறு மாதம் ஒரே அளவில் நிற்கட்டும், அதன்பிறகும் கண்ணடிப் பள்ளம் மனத்தை உறுத்தினால் அப்போது பேசலாம்.

முகப்பயிற்சி பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். 2018-இல் அமெரிக்காவில் பதினாறு பெண்கள் இருபது வாரம் பயிற்சி செய்து முடித்தபோது கன்னம் சற்று நிரம்பியதாக மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். பயிற்சி செய்யாத குழு எதையும் வைத்து ஒப்பிடவில்லை. முதல் எட்டு வாரம் நாளுக்கு அரை மணிநேரம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்ய வேண்டும் வேறு. நிரம்பியது தசையாகத்தான் இருக்க முடியும். செய்வதால் கெடுதல் இல்லை, ஆனால் எலும்புக்கு அது எதுவும் செய்யாது.

ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். முகம் வற்றுவது எப்போதும் வயதினால் அல்ல. ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் குழிந்தால், நீங்கள் முயலாமலேயே எடை இறங்கிக்கொண்டிருந்தால், பல்செட்டுக்கு அடியில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், அழகுக் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு உடனே காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் கடைசியாகச் சொன்னதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

உங்கள் மகளுக்கு நான் சொல்ல வேண்டியது சுருக்கமானது. அவர் வயதில் முகத்து எலும்பைக் காக்கும் ஒரே பெரிய வழி பல்லைக் காப்பது. தாய்க்கு ஈறு வியாதியால் பல் போயிருந்தால் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு சற்று அதிகம். சர்க்கரையும் குடும்பத்தில் இருப்பதால் இன்னும் அதிகம், ஏனெனில் சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது, கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றுகிறது. பல் தேய்க்கும்போது இரத்தம் வந்தால் அது ஈறு வியாதியின் தொடக்கம். வலிக்காது என்பதால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லில் படிந்த காரையை நீக்கிச் சுத்தம் செய்துகொள்ளட்டும். காரை எடுத்தால் பல் ஆடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் எலும்பை இழந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரைதான் பிடித்து நிறுத்தியிருந்தது, நீக்கியதும் அது வெளியே தெரிகிறது. சொத்தைப் பல்லை "கடைசிப் பல்தானே, யாருக்குத் தெரியும், எடுத்துவிடுங்கள்" என்று எடுத்துப்போடாமல், வேர் சிகிச்சை செய்து வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கட்டும். எடுத்தே தீரவேண்டும் என்றால், எடுக்கும் முன்பே அடுத்து அங்கே என்ன வைக்கப்போகிறோம் என்று பேசி முடிக்க வேண்டும். எலும்பின் பெரிய இழப்பு முதல் மூன்று மாதத்தில் நடந்துவிடுகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால்தான். வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் சுருக்கத்தைத் தள்ளிப்போடும், பூசட்டும். எலும்போடு அதற்கு உறவில்லை.

நீங்கள் முழுப் பல்செட் கட்டுவதில் மேற்படிப்புப் படித்த பல் மருத்துவரிடம் போகும்போது நான்கு பொருள்களைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்: இப்போது போட்டிருக்கும் செட், கடைசி எச்.பி.ஏ.1சி அறிக்கை, எல்லா மருந்துச் சீட்டுகளும், 2009-ஆம் ஆண்டின் அந்தத் திருவிழாப் படம். நீங்கள் எனக்கு அனுப்பியதில் உதடு மூடியிருக்கிறது. அன்று எடுத்ததில் பல் தெரியச் சிரித்த படம் ஒன்று இருந்தால் அதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டுக்குக் கீழே மேல்பல் எத்தனை மில்லிமீட்டர் தெரிந்தது என்பதை வைத்துத்தான் புதிய வரிசையை எங்கே நிறுத்துவது என்று அவர் முடிவு செய்வார்.